பதிவேட்டில் பிறந்தவர்கள்

கே. ஆர். நாராயணனின் பிறந்த நாள் எது என்று கேட்டால் பெரும்பாலான புத்தகங்கள் 1920 அக்டோபர் 27 என்று சொல்லும். அவர் குடும்பத்தார் 1921 பிப்ரவரி 4 என்பார்கள். இரண்டுக்கும் இடையே சரியாக 100 நாள். இந்தியாவின் முதல் தலித் குடியரசுத் தலைவர், உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்றில் படித்தவர், வெளியுறவுத் துறையில் தூதராக இருந்தவர். அப்படிப்பட்ட ஒருவருக்கு இரண்டு பிறந்த நாள் எப்படி வந்தது?

காரணம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. முதல் நாள் அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனது குடும்பத்து உறவினர் ஒருவர். பையன் பிறந்த தேதியைப் பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். அவருக்கு அது தெரியாது. ஏதோ ஒரு தேதியைச் சொன்னார். அதுதான் 1920 அக்டோபர் 27. பிற்காலத்தில் உண்மை தெரிந்த பிறகும் நாராயணன் அதை மாற்றவில்லை. அதுவே அதிகாரப்பூர்வ தேதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இதைச் சிலர் சுவாரசியமான துணுக்காகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். நம் வீடுகளில் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ ‘ஸ்கூல் தேதி’ ஒன்று, ‘நிஜ தேதி’ ஒன்று என்று இருப்பதை நாமும் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். ஆனால் அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் ஒரு சமூக வரலாறு இருக்கிறது. யார் வீட்டில் எழுத்து இருந்தது, யார் வீட்டுப் பிறப்பை அரசு எழுதிக்கொண்டது, யார் சொன்னதை எழுதுபவர் நம்பினார் என்ற வரலாறு அது. நாராயணனின் தேதியைக் கையில் பிடித்துக்கொண்டு அதற்குள் போய்ப் பார்க்கலாம்.

ஐப்பசியும் தையும்

முதலில் அந்த இரண்டு தேதிகளையும் நம் மாதக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 1920 அக்டோபர் 27 என்பது ஐப்பசி. மலையாளத்தில் துலாம் மாதம், துலாவர்ஷ மழைக் காலம். 1921 பிப்ரவரி 4 என்பது தை. மலையாளத்தில் கொல்லம் ஆண்டு 1096, மகர மாதம். மழை ஓய்ந்து வெயில் காயும் காலம். ஐப்பசி மழையில் பிள்ளை பெற்றோமா, தை மாதத்தில் பெற்றோமா என்பதில் எந்தத் தாய்க்கும் குழப்பம் வராது.

அதாவது இது ஞாபகப் பிசகு அல்ல. ஞாபகப் பிசகாக இருந்தால் மாதம் சரியாக இருந்து நாள் மாறும். அல்லது நாள் சரியாக இருந்து வருடம் மாறும். இங்கே நாள், மாதம், வருடம் மூன்றுமே வேறு. காலியாக இருந்த ஒரு கட்டத்தை நிரப்புவதற்காகச் சொல்லப்பட்ட தேதி இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாராயணனின் தந்தை வைத்தியர். ராமன் வைத்தியர் என்றே ஊரில் அறியப்பட்டவர். பரவன் சாதியைச் சேர்ந்த ஏழைக் குடும்பம்தான், ஆனால் அறிவு இல்லாத குடும்பம் அல்ல. மகன் எப்போது பிறந்தான் என்பது அந்த வீட்டுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் பிப்ரவரி 4 என்ற தேதி இன்றும் குடும்பத்தில் நிற்கிறது. வீட்டுக்குள் இருந்த அந்தத் தேதி பள்ளிக்கூடத்து மேசை வரைக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ‘படிக்காத சனங்கள், பிறந்த தேதிகூடத் தெரியாது’ என்று இதை விளக்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். பல வீடுகளுக்குத் தெரியும். கேட்ட விதத்திலும், கேட்ட ஆளிடத்திலும், கேட்ட நாள்காட்டியிலும் அது இல்லை.

பதிவேடு என்ன கேட்டது?

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்திருப்பீர்கள். வரிசை எண், மாணவர் பெயர், தந்தை பெயர், மதமும் சாதியும், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, சேர்ந்த வகுப்பு என்று கட்டங்கள் போகும். இந்தக் கட்டங்களில் சாதிக் கட்டத்தை நிரப்ப எந்த ஆசிரியருக்கும் சிரமம் இருந்ததில்லை. பெற்றோர் வாய் திறப்பதற்கு முன்பே அவருக்குத் தெரியும். அவர்கள் வந்த தெருவே சொல்லிவிடும். பக்கத்திலேயே இருக்கும் பிறந்த தேதிக் கட்டத்துக்குத்தான் ஊகம் தேவைப்பட்டது. ஒரே மேசை, ஒரே பேனா, ஒரே பக்கம். நம் பிள்ளையைப் பற்றிய ஒரு தகவல் துல்லியமாகவும் இன்னொரு தகவல் குத்துமதிப்பாகவும் பதிவானது.

அந்தக் கட்டம் ஆங்கிலத் தேதியைக் கேட்டது. வீடுகளில் இருந்ததோ வேறு கணக்கு. தை மாதம், உத்திர நட்சத்திரம், வெள்ளிக்கிழமை விடியற்காலை, அறுவடைக்கு நாலு நாள் முன்னால் என்று இருக்கும். இந்தக் கணக்கை ஆங்கிலத் தேதியாக மாற்றப் பஞ்சாங்கம் வேண்டும், அதைப் படிக்க ஆள் வேண்டும். ஆதிக்க சாதி வீடுகளில் குழந்தை பிறந்த அன்றே சாதகம் எழுதி வைத்தார்கள். அந்த ஓலையோ தாளோ பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில் சான்றிதழாகவே வேலை செய்தது. நம் வீடுகளில் சாதகம் எழுதுகிறவர் படியேறி வந்ததில்லை. தேதி தாயின் நினைவிலும் மருத்துவச்சியின் நினைவிலும்தான் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போனதோ, கூலி வேலை இல்லாத அன்று கையில் சிக்கிய யாரோ ஓர் ஆண்.

அரசுப் பிறப்புப் பதிவு இருந்திருக்குமே என்று கேட்கலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் 1886-ல் ஒரு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. அது விருப்பப்பட்டவர்கள் பதிந்துகொள்வதற்கான சட்டம். சென்னை மாகாணத்துக்கு 1899-ல் தனிச் சட்டம் வந்தது. திருவிதாங்கூர் தனி சமஸ்தானம், அதன் ஏற்பாடுகள் வேறு. நாடு முழுமைக்கும் ஒரே மாதிரிப் பதிவைக் கட்டாயமாக்கியது 1969-ஆம் ஆண்டுச் சட்டம்தான். கிராமத்தில் பிறப்புப் பதிவேடு ஊர் அதிகாரியின் வீட்டில் இருந்தது. அவர் வீடு ஊருக்குள் இருந்தது. பிரசவம் சேரியில் நடந்தது. தகவல் போய்ச் சேர்ந்து, அவரும் எழுதியிருந்தாலும், பல பதிவுகளில் பிள்ளையின் பெயர் இருக்காது. ‘ஆண்’ அல்லது ‘பெண்’, அப்பா பெயர், அவ்வளவுதான். ஆறு வயதில் பள்ளிக்கு வரும் பையன்தான் அந்த ‘ஆண்’ என்று நிரூபிக்க இன்னொரு போராட்டம் வேண்டும்.

ஆகவே, நம் பிள்ளைகளில் பலரின் பெயரை அரசு முதன்முதலாக எழுதிய இடம் பள்ளிக்கூடம்தான். அந்த இடமும் சும்மா கிடைக்கவில்லை. நாராயணன் பள்ளிக்குப் போன அதே திருவிதாங்கூரில், சில ஆண்டுகளுக்கு முன்னால் அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளியில் சேர்க்கக் கூட்டிச் சென்றபோது அந்தப் பள்ளியையே எரித்தார்கள். பதிவேட்டில் ஒரு வரி கிடைப்பதே வெற்றியாக இருந்த காலம் அது. அந்த வரியில் தேதி சரியா தவறா என்று கவலைப்பட நேரம் இருந்திருக்காது. பள்ளிக்கூடமே போகாத அய்யன்காளியின் பிறந்த நாளைக் கேரள மக்கள் சிங்க மாதத்து அவிட்ட நட்சத்திரத்தில் கொண்டாடுகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பள்ளிக்குள் விடப்படாதவரின் பிறந்த நாள் நட்சத்திரமாகவே நின்றது. பள்ளிக்குள் போனவரின் நட்சத்திரம் வேறொரு தேதியாக மாறியது.

தலைமையாசிரியரின் கணக்கு

உறவினர் தயங்கி நின்றால் தேதியைத் தலைமையாசிரியரே போட்டுக்கொள்வார். அதற்குச் சில வழிகள் இருந்தன.

தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது காதைத் தொடும் சோதனை. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது, சேர்த்துக்கொள்ளலாம். தொடவில்லை என்றால் அடுத்த வருடம் வா. குழந்தை வளர வளரத் தலையைவிடக் கை வேகமாக நீளும் என்பது உண்மைதான். ஆனால் இது வளர்ச்சியை அளக்கிறது, வயதை அல்ல. சோறு போதாமல் வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு ஏழு வயதிலும் கை எட்டாமல் போகலாம். எட்டிய அன்று ‘ஐந்து முடிந்தது’ என்று எழுதிவிடுவார்கள். வீட்டு வறுமை இப்படித்தான் பதிவேட்டில் வயதாக மாறியது.

வயது முடிவானதும் தேதி வேண்டும். பள்ளி திறக்கும் மாதத்திலிருந்து ஐந்து வருடம் பின்னால் எண்ணி, சேர்க்கைக்குத் தகுதியாகும் விதத்தில் ஒரு நாளை எழுதுவார். இதனால்தான் பழைய பதிவேடுகளில் பள்ளி திறக்கும் மாதத்தை ஒட்டிய தேதிகள் குவிந்து கிடக்கும். ஜூலையில் பள்ளி திறக்கும் வட மாநிலங்களில் ஜூலை 1 பிறந்த நாள்காரர்கள் கூட்டம் கூட்டமாக இருப்பது இதனால்தான். நம்மூரில் மே, ஜூன் தேதிகள். ஒரு வகுப்பில் பத்துப் பேருக்கு ஒரே வாரத்தில் பிறந்த நாள் வந்தால், அந்தப் பத்துப் பேரையும் பெற்றது ஒரு பேனா என்று புரிந்துகொள்ளலாம்.

தெரிந்தே மாற்றிய தேதிகளும் உண்டு. அவை இரண்டு திசையில் போகும். வயதைக் கூட்டினால் பிள்ளையைச் சீக்கிரம் பள்ளியில் சேர்க்கலாம், குறைந்தபட்ச வயது கேட்கும் தேர்வைச் சீக்கிரம் எழுத வைக்கலாம். வயதைக் குறைத்தால் அரசு வேலைக்கான உச்ச வயதைத் தாண்டாமல் இருக்கலாம், ஓய்வு பெறும் நாளும் தள்ளிப் போகும். இரண்டாவது வகைக் கணக்கைப் போட, முப்பது வருடம் கழித்து ஓய்வூதியம் என்று ஒன்று வரும் என்பது வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அரசு உத்தியோகத்தை ஏற்கெனவே பார்த்த குடும்பங்களின் கணக்கு அது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு இந்தச் சூது தெரியாது. அதனால்தான் நாராயணனின் தேதி அவருக்கு லாபம் தராத பக்கமாக, அவரை 100 நாள் மூத்தவராக்கும் பக்கமாக விழுந்தது.

இது தலித்துகளுக்கு மட்டும் நடந்தது என்று நான் சொல்லவில்லை. முகமது அலி ஜின்னாவின் பிறந்த நாளாகப் பாகிஸ்தான் கொண்டாடுவது 1876 டிசம்பர் 25. அவர் படித்த கராச்சி சிந்து மதரசாப் பள்ளியின் பதிவேட்டிலோ 1875 அக்டோபர் 20 என்று இருக்கிறது. வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கும் பள்ளித் தேதி வேறாக இருந்திருக்கிறது. ஆனால் வித்தியாசம் எங்கே? ஜின்னா பள்ளித் தேதியை விட்டுவிட்டு வேறு தேதியை வைத்துக்கொண்டார். அதுவே ஒரு நாட்டின் விடுமுறை நாளாயிற்று. நாராயணன் குடும்பத்துத் தேதியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பள்ளித் தேதியோடு வாழ்ந்தார்.

ஒரு வரி எப்படி இறுகியது

ஏன் மாற்றவில்லை என்று அவர்மேல் கேள்வி போடுவதற்கு முன், அந்த வரி போன பாதையைப் பாருங்கள்.

1927 மே 5-ஆம் தேதி குறிச்சித்தானம் அரசு தொடக்கப் பள்ளியில் அவர் சேர்க்கப்பட்டார். அங்கிருந்து உழவூர் நடுநிலைப் பள்ளி, கூத்தாட்டுக்குளம் உயர்நிலைப் பள்ளி, குறவிலங்காடு உயர்நிலைப் பள்ளி. பின்பு கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரி, திருவிதாங்கூர் பல்கலைக்கழகம், லண்டன் பொருளாதாரப் பள்ளி. 1949-ல் வெளியுறவுப் பணி. ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழ்தான் போகும். புதிய பள்ளி அதைப் பார்த்து எழுதும். அதைப் பார்த்துப் பள்ளியிறுதிச் சான்றிதழ், அதைப் பார்த்துக் கல்லூரி, அதைப் பார்த்துப் பணிப்பதிவேடு. எந்தப் படியிலும் யாரும் வீட்டில் போய்க் கேட்பதில்லை. முந்தைய தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் உண்மை. எட்டுத் தாள்கள் ஒரே தேதியைச் சொல்கின்றன என்றால் எட்டுச் சாட்சிகள் இருப்பது போலத் தோன்றும். உண்மையில் சாட்சி ஒருவர்தான்: முதல் நாள் கூட வந்த அந்த உறவினர். அவருக்கும் தேதி தெரியாது.

இந்தச் சங்கிலியில் நடுவில் ஒரு கண்ணியை மாற்றினால் மற்ற எல்லாத் தாள்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும். கட்டணம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட பையன், ஒவ்வொரு நாளும் வயல் வரப்புகளில் நெடுந்தூரம் நடந்து படித்த பையன், கையில் கிடைத்த ஒரே சொத்தாகிய சான்றிதழைத் தானே கிளறிவிடுவானா?

விலை என்னவென்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அவர் காலத்தில் மத்திய அரசுப் பணியில் ஓய்வு வயது 58. பள்ளித் தேதிப்படி 58 முடிவது 1978 அக்டோபரில். குடும்பத் தேதிப்படி 1979 பிப்ரவரியில். அவர் 1978-ல் பணி ஓய்வு பெற்றார். பள்ளிக்கூடத்து மேசையில் யோசிக்காமல் சொன்ன ஒரு தேதி, அரை நூற்றாண்டு கழித்து ஏறக்குறைய நான்கு மாதப் பணியைக் கழித்துக்கொண்டது. அவருக்கு அதற்குப் பிறகும் வாசல்கள் திறந்தன. துணைவேந்தர் ஆனார், அமெரிக்கத் தூதர் ஆனார், 1997 ஜூலை 25-ல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். துப்புரவுப் பணியிலோ கடைநிலை ஊழியர் பணியிலோ இருந்த ஒருவருக்கு இந்தப் பிழை இரண்டு, மூன்று வருடச் சம்பளத்தையே தின்றிருக்கும்.

இன்று அரசுப் பணியில் இருப்பவர் தேதியைத் திருத்தலாமா? மத்திய அரசு விதிப்படி பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உண்மையான, நேர்மையான பிழை என்று நிறுவ வேண்டும். மூன்றாவது நிபந்தனை ஒன்று இருக்கிறது, அதுதான் பொறி: திருத்திய தேதிப்படி பார்த்தால், முன்பு எழுதிய எந்தப் பள்ளி, பல்கலைக்கழக, பணித் தேர்வுக்கும் வயதுத் தகுதி இல்லாமல் போயிருக்கக் கூடாது. அதாவது, சேர்க்கைக்காகத் தலைமையாசிரியர் வயதைக் கூட்டி எழுதியிருந்து, அந்தக் கூடுதல் வயதால்தான் நீங்கள் தேர்வு எழுத முடிந்தது என்றால், கதவு மூடியது மூடியதுதான்.

அதிகாரத்தின் உச்சியில் இருப்பவருக்கும் இது விலக்கல்ல. தரைப்படைத் தளபதி வி. கே. சிங்கின் மெட்ரிக் சான்றிதழில் 1951 மே 10 என்று இருந்தது. ராணுவ அகாடமிக்கான விண்ணப்பத்தில் 1950 மே 10. ராணுவத்துக்குள்ளேயே ஒரு பிரிவு ஒரு தேதியையும் இன்னொரு பிரிவு மற்றதையும் வைத்திருந்தன. அவர் பதவியில் இருக்கும்போதே உச்ச நீதிமன்றம் போனார். எது உண்மையான பிறந்த நாள் என்று தீர்மானிப்பது தன் வேலையல்ல, பணி ஆவணத்தில் எதை அரசு ஏற்றது என்பதே கேள்வி என்ற நிலையை நீதிமன்றம் எடுத்தது. 2012 பிப்ரவரியில் அவர் மனுவைத் திரும்பப் பெற்றார். அந்த மே மாத இறுதியில் ஓய்வு பெற்றார். பள்ளிச் சான்றிதழ் கையில் இருந்தும் அவர் தோற்றார். ஏனென்றால் ஆவண உலகில் உண்மைக்கு என்று தனி இடம் இல்லை. எந்தத் தாளை அதிகாரம் முதலில் ஏற்றுக்கொண்டதோ அதுவே தேதி.

நீதிமன்றத்தில் நம் பிள்ளைகள்

பணி ஓய்வோடு இது முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். பள்ளித் தேதி இன்று நம் பெண் பிள்ளைகளின் வழக்குகளைத் தீர்மானிக்கிறது.

1988-ல் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் தேர்தல் வழக்கு ஒன்றில் தெளிவாக ஒன்றைச் சொன்னது. பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் பிறந்த தேதி, அந்தத் தகவலைக் கொடுத்தது யார், எதை வைத்துக் கொடுத்தார் என்று விசாரிக்காதவரை பெரிய சாட்சிய மதிப்பு உடையதல்ல. பெற்றோரோ நேரடியாக அறிந்தவரோ சொன்னால் ஒரு மதிப்பு. யாரோ சொன்னால் வேறு மதிப்பு. நாராயணனின் உறவினரை மனதில் வைத்து இதைப் படியுங்கள். எவ்வளவு சரியான கேள்வி!

ஆனால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு வயதைக் கண்டறிய ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது தேர்வு வாரியத்தின் மெட்ரிக் சான்றிதழ். அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை. குற்றம் சாட்டப்பட்ட சிறுவருக்காக எழுதிய இந்த வரிசையைத்தான் பாதிக்கப்பட்ட சிறுமியின் வயதை நிரூபிக்கவும் நீதிமன்றங்கள் பின்பற்றுகின்றன.

இதன் விளைவைப் பாருங்கள். 2023 ஜூலையில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்ஸோ வழக்கில் உச்ச நீதிமன்றம் பள்ளி மாற்றுச் சான்றிதழை ஏற்கவில்லை. 94-ஆம் பிரிவு சொல்லும் சான்றிதழ் அது அல்ல என்றது. எலும்புப் பரிசோதனை செய்த மருத்துவர் பதினெட்டுக்கு மேல் இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். தண்டனை ரத்தானது. எலும்பை வைத்து வயது சொல்வதில் இரண்டு வருடம் முன்னே பின்னே போகும் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். பதினாறு வயதுப் பிள்ளையைப் பதினெட்டு என்று காட்டவும் அந்த இடைவெளி போதும்.

அந்த வழக்கின் நியாயம் எது என்பதற்குள் நான் போகவில்லை. வன்கொடுமை வழக்குகளில் வேலை செய்யும் தோழர்கள் புரிந்துகொள்ள வேண்டியது இது: சிறுமிக்குப் பதினாறு வயது என்று தாய்க்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். ஆனால் பள்ளியில் சேர்க்கும்போது இரண்டு வயது கூட்டிப் போட்டிருந்தால் தாளில் அவளுக்குப் பதினெட்டு. போக்ஸோ அங்கேயே விழுந்துவிடும். மாற்றுச் சான்றிதழ் மட்டும் கையில் இருந்தாலும் ஆபத்து. புகார் கொடுத்த முதல் வாரத்திலேயே பள்ளியின் பிறந்த தேதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முரண் இருந்தால், எதிர்த்தரப்பு கண்டுபிடிப்பதற்கு முன் நம் வழக்கறிஞருக்குத் தெரிய வேண்டும். சேர்க்கும்போது தகவல் கொடுத்தது யார் என்று கேட்டு வைக்க வேண்டும்.

2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஒரே ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. வருங்காலத்தில் இந்த இரட்டைத் தேதி குறையலாம். ஆனால் அதற்கு முன் பிறந்த எல்லோரும், அதாவது இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும், பழைய உலகத்தில்தான் இருக்கிறீர்கள். உங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளின் பள்ளித் தேதியையும் பிறப்புச் சான்றிதழையும் இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன் திருத்துவது ஒரு மனு. அதற்குப் பின் திருத்துவது பெரும்பாலும் ஒரு வழக்கு.

உண்மைத் தேதியைத் தேடுவது எப்படி

நம் பகுதித் தலைவர்களின், போராளிகளின் வாழ்க்கையை எழுத மாணவர்கள் பலர் முன்வருகிறார்கள். அவர்களுக்காக ஒரு முறையைச் சொல்கிறேன்.

பெரியவர்களிடம் ‘எந்தத் தேதி?’ என்று கேட்காதீர்கள். அவர்கள் ஆதார் அட்டையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ‘எந்த மாசம், என்ன நட்சத்திரம், அந்த வருஷம் ஊரில் என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். ஒரு பாட்டி ‘தனுஷ்கோடி புயல் அடிச்சுதே, அதுக்கு அடுத்த மாசி, மகம்’ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். புயல் 1964 டிசம்பரில் வந்தது. அடுத்த மாசி என்றால் 1965 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. ஒரு நட்சத்திரம் ஏறக்குறைய 27 நாளுக்கு ஒருமுறை வரும். ஆகவே ஒரு தமிழ் மாதத்தில் அது ஒரு முறை, அபூர்வமாக இரண்டு முறை வரும். அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் தேதி ஓரிரு நாளுக்குள் அடங்கிவிடும். கிழமையும் ஞாபகம் இருந்தால் முடிந்தது வேலை. படிக்காத பாட்டி என்று நாம் நினைத்தவர் கையில் தலைமையாசிரியரிடம் இருந்ததைவிட நல்ல கணக்கு இருப்பது அப்போது தெரியும்.

இதற்கும் எல்லை உண்டு. வெள்ளம், புயல், பஞ்சம் போன்ற பெரிய நிகழ்ச்சிகள் அக்கம்பக்கத்து வருடங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கேரளத்தில் 1924 வெள்ளத்தை, கொல்லம் ஆண்டு 1099 என்பதால், ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்பார்கள். அதற்கு ஒரு வருடம் முன்னே பின்னே பிறந்தவரும் ‘வெள்ளத்தப்போ பிறந்தவர்’ ஆகிவிடுவார். அதனால் அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளை இவர்களின் வரிசையையும் கேட்டு ஒத்துப் பாருங்கள். ‘இவன் தவழும்போது அவள் பிறந்தாள்’ என்ற ஒரு வாக்கியம் ஒரு வருடப் பிழையைப் பிடித்துவிடும்.

எழுதும்போது ஒரு தேதியை மறைத்து இன்னொன்றைப் போடாதீர்கள். இரண்டையும் எழுதுங்கள். ‘பள்ளிப் பதிவேட்டின்படி 1920 அக்டோபர் 27, குடும்பத்தினர் கூற்றுப்படி 1921 பிப்ரவரி 4’ என்று எழுதினால் வாசகருக்கு ஒரு வரியில் ஒரு வாழ்க்கை தெரியும். பள்ளித் தேதியைப் பொய் என்று அழித்துவிட வேண்டியதில்லை. ஒரு தலித் குழந்தையை அரசு முதன்முதலாகப் பார்த்து, அவசரமாக எதையோ எழுதிக்கொண்ட நாளின் தடயம் அது. குடும்பத் தேதியை வெறும் வாய்மொழி என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை பிறந்த அன்று அருகில் இருந்தவர்களின் சாட்சியம் அது.

ஜெயந்தி கொண்டாடுகிறவர்கள் அக்டோபர் 27-ல் நாராயணனுக்கு மாலை போடட்டும். அவரே ஏற்றுக்கொண்ட தேதி, மறுக்க நாம் யார்? அன்றைக்குப் பேச வருகிறவர்கள் அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லட்டும். கேட்கிற பிள்ளைகள் வீட்டுக்குப் போய், தங்கள் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்.